உலைச் சுவருக்குப் பூச்சு வேண்டுமா? மூன்று பரப்பு நெட்வொர்க்கோடு பல வருடப் பழக்கம்

மின் உலையின் செங்கலை மாற்றிய நண்பர் ஒருவர், உட்சுவருக்கு உமிழ்திறன் கூட்டும் பூச்சு அடித்தால் சரக்கு சீக்கிரம் சூடாகுமா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு கதிர்வீச்சு வெப்ப ஓட்டத்தை மின்சுற்றுத் தடைகளைப் போலக் கணக்கிடும், ஓப்பன்ஹைம் 1956-இல் எழுதிய நெட்வொர்க் முறைதான் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

நீளமான முக்கோண உலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர். ஹீட்டர் 1100 K, உமிழ்திறன் 0.8. சரக்கு 700 K, உமிழ்திறன் 0.5. மூன்றாவது பக்கம் வெப்பம் கசியாத செங்கல். ஒரு மீட்டர் நீளத்துக்கு, (1−ε)/(εA) என்ற பரப்புத் தடை ஹீட்டருக்கு 0.25, சரக்குக்கு 1; ε உமிழ்திறன், A பரப்பளவு. ஒரு பக்கத்திலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் பாதி இன்னொரு பக்கத்தைச் சேரும், அதாவது எந்த இரண்டு பக்கத்துக்கும் வடிவக் காரணி 0.5 என்பதால் இடைத்தடை 2. ஹீட்டரிலிருந்து சரக்குக்கு நேர்வழி 2, செங்கல் வழியாகச் சுற்றினால் 4. இரண்டும் இணையாக 1.33. பரப்புத் தடைகளையும் சேர்த்தால் மொத்தம் 2.58. ஹீட்டர், சரக்கு வெப்பநிலைகளின் கரும்பொருள் உமிழ்வு வித்தியாசத்தை இதால் வகுத்தால், சரக்குக்குப் போவது சுமார் 26.9 கிலோவாட். நேர்வழி மட்டும் இருந்தால் 21.4 தான் கிடைத்திருக்கும்.

இதில் செங்கலின் உமிழ்திறன் எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். வாங்கிய வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கும் பரப்பில் நிகர ஓட்டம் பூஜ்யம். ஓட்டமே இல்லாத தடையின் அளவு என்னவாக இருந்தால் என்ன? செங்கல் தானாகவே 1007 K-இல் போய் நிற்கும். இத்தனை வருடம் கழித்தும் இந்த இடம் எனக்கு அலுக்கவே இல்லை. சுவரில் 1 கிலோவாட் கசிந்தாலும் செங்கலின் உமிழ்திறன் 0.5 என்றால் அந்த உமிழ்திறனால் மட்டும் சுவர் வெப்பநிலை மாறுவது 4 டிகிரி அளவில்தான். அதனால் நண்பரிடம் பூச்சு வேண்டாம் என்று சொன்னேன். உள்ளே எரிவாயு எரியும் உலை என்றால் கதை வேறு. அங்கே புகையும் கதிர்வீச்சை உறிஞ்சி உமிழும், சுவரின் குணமும் கணக்கில் வந்துவிடும்.

என்னை விடாமல் எரிச்சலூட்டுவது சரக்குப் பக்கத்துத் தடை. மொத்தத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அதுதான், அதைத்தான் யாரும் அளப்பதில்லை. பளபளப்பாக உள்ளே போகும் எஃகு ஆக்சைடு பிடித்துக் கறுத்து வெளியே வருகிறது. அதே கணக்கில் 0.5-ஐ 0.8 ஆக்கினால் 26.9 கிலோவாட் 37.9 ஆகிவிடுகிறது! அட்டவணையில் இருக்கும் ஒற்றை எண்ணை நெட்வொர்க்கில் போட்டு, சூடாக்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதித் தருபவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. சுவரைப் பற்றிய கேள்விக்கு இந்த முறை மேல் முழு நம்பிக்கை வைப்பேன். சரக்கு எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று கேட்டால், சரக்கிலேயே தெர்மோகப்பிள் ஒட்டிப் பார்க்காமல் இதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டேன்.