குணப்பட்டியலா, விடைப்படிகளா: நேர்காணல் மதிப்பெண் தாள் ஓர் ஒப்பீடு

வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பணிக்கு ஆள் எடுக்கும் மூவர் குழுவில் நானும் ஒருவன். வந்த எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை. கேள்வி ஆளுக்கு ஆள் மாறினால் எதை வைத்து ஒப்பிடுவது? மதிப்பெண் தாளில்தான் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது இரண்டாவதில் நிற்கிறேன்.

முதலாவது குணப்பட்டியல். தொடர்புத் திறன், பொறுமை, பொறுப்புணர்வு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போடுவது. பத்து நிமிடத்தில் தயாராகிவிடும், எந்தப் பணிக்கும் அதே தாள் ஓடும். அதன் நன்மை அவ்வளவுதான்.

இரண்டாவது விடைப்படிகள். எப்படிப்பட்ட பதிலுக்கு 1, எதற்கு 3, எதற்கு 5 என்பதை ஒவ்வொரு கேள்வியின் கீழும் முன்பே எழுதி வைக்கிறோம். இடைப்பட்ட பதிலுக்கு 2 அல்லது 4. செவிலியர்களின் பணியை மதிப்பிடுவதற்காக உளவியலாளர்கள் ஸ்மித், கெண்டல் இருவரும் 1963-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது.

நான் இந்தப் பக்கம் வந்ததற்கு ஒரு நேர்காணல்தான் காரணம். சொன்ன நாளில் பொருள் வராமல் கோபத்தோடு பேசிய ஒருவரை எப்படிக் கையாண்டீர்கள், அது எப்படி முடிந்தது என்று கேட்டோம். வந்தவர் சரளமாகச் சொன்னார்: முழுவதும் பேசவிட்டேன், மன்னிப்புக் கேட்டேன், கிடங்கில் விசாரித்து நாளைக்குள் வரும் என்று சொன்னேன். பொருள் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டதற்கு, சேர்ந்திருக்கும் என்றார். தொடர்புத் திறனுக்கு நாங்கள் போட்டது 5, 4, 2. சராசரி 3.7 என்று எழுதி நகர்ந்துவிட்டோம். அப்புறம் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. 5 போட்டவர் பேச்சை மதிப்பிட்டிருந்தார், 2 போட்டவர் பின்தொடராததை மதிப்பிட்டிருந்தார். ஒரே கட்டத்தில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் விழுந்திருந்தன. சராசரி அதை மூடிவிட்டது.

அதே கேள்விக்கு இப்போது எங்கள் படிகள் இவை. குறிப்பிட்ட சம்பவம் எதையும் சொல்லாமல் பொதுவாகப் பேசினாலோ, பழியை வேறு பிரிவின் மேல் போட்டாலோ 1. கேட்டு, காரணம் கண்டுபிடித்து, அடுத்து என்ன நடக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருந்தால் 3. அதற்கு மேல், முடியும்வரை தானே பின்தொடர்ந்து, முடிந்ததை வாடிக்கையாளரிடம் உறுதி செய்திருந்தால் 5. அந்தப் பதில் இதில் நேராக 3-இல் உட்காருகிறது. பேச்சின் சரளத்துக்கு இங்கே இடமில்லை.

தேர்வாகாத ஒருவர் ஆறு மாதம் கழித்து ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ‘தொடர்புத் திறன் 2’ என்ற வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் விளக்க முடியாது, போட்டவருக்கே நினைவிருக்காது. விடைப்படித் தாளில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொன்னதை ஒரு வரியில் எழுதுகிறோம்: ‘நாளை வரும் என்றார், சரிபார்க்கவில்லை’. படியும் இருக்கிறது, சான்றும் இருக்கிறது. நேர்காணலில் இல்லாத நான்காவது ஆள்கூட அதைப் படித்து அதே எண்ணுக்கு வர முடியும். அந்த வரி இல்லாத மதிப்பெண்ணை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மூவரும் தனித்தனியாகப் போட்டு முடித்த பிறகே பேசுகிறோம். வித்தியாசம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால், யாரோ ஒரு விவரத்தைத் தவறவிட்டிருக்கிறார், அல்லது படியின் வாசகம் மங்கலாக இருக்கிறது. ‘நல்ல அணுகுமுறை’ போன்ற சொற்கள் படிக்குள் நுழைந்தால் இது கட்டாயம் நடக்கும்.

விலை உழைப்புதான். அந்த வேலையில் இருப்பவர்களிடம் நன்றாக முடிந்த புகார், சொதப்பிய புகார் என்று நிஜச் சம்பவங்களைக் கேட்டுத் திரட்டி, அவற்றிலிருந்து படிகளை எழுத வேண்டும். எழுதியதைக் கலைத்து, எண் இல்லாமல் இன்னொருவரிடம் கொடுத்து அடுக்கச் சொல்கிறோம். அவர் வேறு இடத்தில் வைக்கும் வாசகத்தைத் திருத்துகிறோம், இல்லையென்றால் எடுத்துவிடுகிறோம். ஐந்து கேள்விகளுக்கு எங்களுக்கு ஒரு முழு நாள் ஆனது. வேலை மாறினால் படியும் மாற வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் மேற்பார்வையாளரிடம் போன பிறகு, ‘உடனே பணத்தைத் திருப்பித் தந்தார்’ என்ற எங்கள் 5 தவறான விடையாகிவிட்டது. ஆனால் ஒரு சுற்று நடந்துகொண்டிருக்கும்போது கைவைக்கக் கூடாது, முன்னால் வந்தவருக்கு ஓர் அளவு, பின்னால் வந்தவருக்கு வேறு அளவு என்றாகிவிடும்.

அனுபவமே இல்லாதவர்களிடம் ‘இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்’ என்று மாற்றிக் கேட்டு, அதற்குத் தனிப் படிகள் எழுதினோம். ஒரே ஒரு சுற்றுதான் அப்படி நடத்தியிருக்கிறேன், பெரும்பாலும் 3-இலேயே குவிந்தது. மேலாளர் நிலைப் பணிகளுக்கு இதை நான் பயன்படுத்தியதில்லை.