வெளிநாட்டுச் செய்தியில் பணம் வந்தால் பில்லியன், ஆட்கள் வந்தால் கோடி

சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுச் செய்திகளை ஆங்கிலத்தில் படிக்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். மில்லியன், பில்லியனை அப்படியே மனதில் வைத்துக்கொள்வதா, இல்லை படிக்கப் படிக்க லட்சம், கோடிக்கு மாற்றிக்கொண்டே போவதா? நான் இரண்டையும் செய்து பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பணம் என்றால் பில்லியனிலேயே படிப்பேன், ஆட்கள் என்றால் உடனே லட்சம், கோடிக்கு மாற்றிவிடுவேன். ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால், வெளிநாட்டுச் செய்திக்கு என் ஓட்டு மில்லியன், பில்லியனுக்கு.

அடிப்படைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன், ஒரு லட்சம் கோடி ஒரு டிரில்லியன். மில்லியன் முறையில் மூன்று மூன்று இலக்கமாகக் காற்புள்ளி வைப்பார்கள், நாம் கடைசி மூன்றை விட்டு இரண்டிரண்டாக வைப்போம். இதை மனப்பாடம் செய்வது பெரிய விஷயமில்லை. மாற்றுகிற இடத்தில்தான் ஆள் தடுமாறுகிறார், அதுவும் பணத்தை மாற்றும்போது. ஏனென்றால் அங்கே ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் நடக்கிறது: எண்ணின் பெயர் மாறுகிறது, கூடவே டாலர் ரூபாயாகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும்போது ஒரு பூஜ்யம் காணாமல் போனாலும் தெரியாது, வந்த விடை பெரிய எண்ணாக இருப்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடும்.

ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்க்கலாம். இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு ஆண்டுத் திட்டமாகச் சுமார் 2.9 பில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. முதல் தவணை சுமார் 330 மில்லியன் டாலர். அதற்கு முந்தைய ஆண்டு இந்தியா பல வழிகளில் செய்த உதவி மொத்தம் 4 பில்லியன் டாலர் அளவுக்கு இருந்தது.

இதை இப்படியே படித்தால் விஷயம் உடனே பிடிபட்டுவிடுகிறது. நிதியம் தருவது 2.9, இந்தியா கொடுத்தது 4, அப்படியென்றால் பக்கத்து நாடு கொடுத்ததுதான் பெரிது. முதல் தவணை 330 மில்லியன் என்றால் 0.33 பில்லியன், மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. பேனா, பேப்பர் எதுவும் தேவையில்லை. மில்லியனிலிருந்து பில்லியனுக்கும், பில்லியனிலிருந்து டிரில்லியனுக்கும் ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்குதான் என்பதால், புள்ளியை மூன்று இடம் நகர்த்தினால் எல்லாம் ஒரே அளவுக்கு வந்துவிடும். நம் முறையில் ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு நூறு மடங்கு, லட்சத்திலிருந்து கோடிக்கு நூறு மடங்கு, அதற்கு மேல் அன்றாடப் பேச்சில் வேறு பெயரே கிடையாது, ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்று கோடியையே எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். ஊருக்குள் பட்ஜெட் பேச இது தாராளமாகப் போதும். ஆனால் டிரில்லியனும் மில்லியனும் ஒரே பத்தியில் வருகிற வெளிநாட்டுச் செய்தியில், ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று மாற்ற வேண்டியிருக்கிறது.

இப்போது அதே செய்தியை ரூபாய்க்கு மாற்றிப் பாருங்கள். 2.9 பில்லியன் என்பது 290 கோடி டாலர். அன்றைக்கு டாலர் சுமார் 82 ரூபாய், ஆக 23,780 கோடி ரூபாய். சரி, ஆனால் எந்த நாட்டு ரூபாய்? இலங்கையின் பணமும் ரூபாய்தான், அங்கே அப்போது டாலர் சுமார் 330 ரூபாய். அந்தக் கணக்கில் இதே கடன் 95,700 கோடி இலங்கை ரூபாய். ஒரே கடனுக்கு இரண்டு எண்கள், ஒன்று மற்றொன்றைப் போல நான்கு மடங்கு, இரண்டுக்கும் பின்னால் "கோடி ரூபாய்" என்றே இருக்கும். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் பணத்தை மில்லியன், பில்லியன் ரூபாய் என்று எழுதுவது நமக்குக் கொஞ்சம் அந்நியமாகத் தெரியலாம், ஆனால் இந்தக் குழப்பத்துக்கு அது நல்ல தடுப்பு. "பில்லியன் ரூபாய்" என்று பார்த்ததுமே இது நம்ம ஊர்க் கணக்கு இல்லை என்று உஷாராகிவிடுவோம்.

இதைவிட அடிக்கடி நடப்பது, எண்ணை மட்டும் மாற்றிவிட்டு டாலரை மறந்துவிடுவது. "இலங்கைக்கு 290 கோடி ரூபாய் கடன்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழும். தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பது. இலங்கையின் மக்கள்தொகை சுமார் 22 மில்லியன், அதாவது 2.2 கோடி. 290 கோடி ரூபாயை 2.2 கோடி பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 132 ரூபாய். திவாலான ஒரு நாட்டைத் தூக்கி நிறுத்த ஆளுக்கு 132 ரூபாய் எப்படிப் போதும்? அங்கேயே தெரிந்துவிடுகிறது. டாலராகவே வகுத்தால் ஆளுக்கு 132 டாலர், அன்றைய நம் பணத்தில் கிட்டத்தட்ட 10,800 ரூபாய், அதுவும் நான்கு ஆண்டுகளுக்கு. இது நம்பக்கூடிய எண். ஒரு பூஜ்யம் கூடிப்போய் 2,900 கோடி டாலர் என்று யாராவது எழுதியிருந்தால், ஆளுக்கு 1,300 டாலருக்கு மேல் வரும். அந்த நாட்டின் தலா உற்பத்தியே அப்போது ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் டாலர்தான் என்பதால் அதுவும் உடனே இடிக்கும்.

கவனித்தீர்களா, வகுக்கும்போது மட்டும் நான் கோடிக்கு வந்துவிட்டேன். கோடியைக் கோடியால் வகுத்தால் இரண்டும் அடிபட்டுப் போய்விடும், 290-ஐ 2.2-ஆல் வகுப்பது மட்டும்தான் மிச்சம். பில்லியனை மில்லியனால் வகுத்தால் நடுவில் ஓர் ஆயிரம் நிற்கும், 2,900-ஐ 22-ஆல் வகுக்க வேண்டும். அதுவும் கஷ்டமில்லை, ஆனால் அந்த ஆயிரத்தை மறந்தால் விடை கவிழ்ந்துவிடும். இந்த ஓர் இடத்தில் நம் முறைதான் வசதி.

ரூபாயில் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், படித்து முடித்த பிறகு கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்றினால் போதும். அதற்கு டாலர் ரேட்டையே சாவியாக வைத்துக்கொள்கிறேன். ரேட்டைப் பத்தால் வகுத்தால் ஒரு மில்லியன் டாலருக்கு எத்தனை கோடி ரூபாய் என்று வரும். ரேட்டுக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் போட்டால் ஒரு பில்லியன் டாலருக்கு எத்தனை கோடி என்று வரும். டிரில்லியன் என்றால் அந்த ரேட்டே அத்தனை லட்சம் கோடி. டாலர் 82 என்றால் 8.2 கோடி, 8,200 கோடி, 82 லட்சம் கோடி. 90 என்றால் 9 கோடி, 9,000 கோடி, 90 லட்சம் கோடி. பூஜ்யங்களை எண்ணுகிற வேலையே இல்லை.

மாற்றிய பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊரில் ஏதாவது ஓர் அளவு வேண்டும். எனக்கு அது சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம். மாதவரம், சிறுசேரி, கலங்கரை விளக்கம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர் என்று 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். நான்கு ஆண்டுக்கு இலங்கைக்குக் கிடைக்கிற 23,780 கோடி, அதில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. வருஷக்கணக்காகத் தோண்டிக்கிடக்கிற சாலைகளைப் பார்த்தவருக்கு இந்த எண் புரியும். 2.9 பில்லியன் என்பது ஒரு நாட்டுக்கு எவ்வளவு சின்னத் தொகை என்று எனக்கு உறைத்தது இதற்குப் பிறகுதான்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நாணய மாற்றம் கிடையாது. மில்லியனோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் லட்சம், புள்ளியை ஓர் இடம் இடது பக்கம் நகர்த்தினால் கோடி, ஒரே அசைவு, தப்பு வர வாய்ப்பு குறைவு. தவிர, மனிதர்களின் எண்ணிக்கை நமக்கு லட்சத்திலும் கோடியிலும்தான் உறைக்கிறது. பிரிட்டனில் சுமார் 69 மில்லியன் பேர் என்று படித்தால் ஒன்றும் தோன்றாது. 6.9 கோடி என்றால், 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே 7.21 கோடி இருந்ததே என்று உடனே நினைவு வரும். உக்ரைனிலிருந்து வெளிநாடுகளுக்குப் போன அகதிகள் சுமார் 6 மில்லியன் என்கிறார்கள். அது 60 லட்சம் பேர். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 2011-ல் இருந்தவர்கள் 67 லட்சத்துக்குப் பக்கம். கிட்டத்தட்ட இந்த ஊரே காலியான மாதிரி. இதை மில்லியனில் படித்துவிட்டுக் கடந்து போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

பங்குச் சந்தை, ஏற்றுமதி என்று தினமும் டாலரிலேயே புழங்குகிறவர்களுக்கு இரண்டு முறையும் கையில் இருக்கும், அவர்களுக்கு இந்தப் பிரிவினை தேவைப்படாமல் இருக்கலாம். நான் சொல்வது செய்தி படிக்கிறவரின் கணக்கு.

மில்லியன், பில்லியனை நம்பிப் போகிறவர்கள் சில இடங்களில் நிதானிக்க வேண்டும். பிரிட்டிஷ் பத்திரிகைகளில் m என்றால் மில்லியன், bn என்றால் பில்லியன், tn என்றால் டிரில்லியன், இதில் சிக்கல் இல்லை. ஆனால் அமெரிக்க நிதி, எரிவாயு வட்டாரங்களில் ஒற்றை M ஆயிரத்தைக் குறிப்பதுண்டு, மில்லியனுக்கு MM போடுவார்கள். எரிவாயு விலைச் செய்தியில் வருகிற MMBtu அப்படி வந்ததுதான், அது பத்து லட்சம் வெப்ப அலகு. ஜெர்மன் செய்தி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுடைய Milliarde-தான் நாம் சொல்லும் பில்லியன், அவர்கள் Billion என்று எழுதினால் அது லட்சம் கோடி. பிரிட்டனிலும் இந்தப் பழைய வழக்கம் இருந்தது, 1974-ல்தான் அரசு தன் புள்ளிவிவரங்களில் அமெரிக்க முறையைப் பின்பற்றுவதாக அறிவித்தது. மயிலாப்பூர் லஸ் பக்கம் நடைபாதையில் வாங்குகிற பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் பில்லியன் என்று கண்டால், முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1974-க்கு முந்தையது என்றால், அந்தப் பில்லியன் ஆயிரம் மடங்கு பெரியதாக இருக்கலாம்.