இழுவை குறைந்த வேக்கம் கிளீனர்: அடைப்பைத் தேடிக் கண்டுபிடித்த அனுபவம்

எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக இருப்பது, தரையில் உருட்டிச் செல்லும் வகையைச் சேர்ந்த, துணியாலான தூசிப்பை பொருத்திய வேக்கம் கிளீனர். சுவர்களுக்குப் பட்டி பார்த்துத் தேய்த்து வண்ணம் அடித்து முடிந்தபின், ஜன்னல் ஓரங்களிலும் கட்டிலுக்கு அடியிலும் படிந்திருந்த வெண்ணிறத் தூளை இதைக் கொண்டுதான் எடுத்தோம். அதன் பிறகு இழுவை வெகுவாகக் குறைந்துவிட்டது. பை நிறைந்ததைக் காட்டும் சிவப்பு அடையாளமும் வந்தது. ஆனால் மூடியைத் திறந்து பார்த்தால், பையில் பாதி கூடத் தூசி இல்லை.

அந்த அடையாளம் தூசியின் அளவைப் பார்ப்பதில்லை. உள்ளே காற்றழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டே அது இயங்குகிறது. ஆகையால் பை நிறைந்தாலும், பையின் நுண்துளைகள் அடைந்தாலும், ஹோஸில் ஏதேனும் சிக்கினாலும் ஒரே சிவப்புதான் தெரியும். இதைவிட அதிகம் சொல்வது மோட்டாரின் சத்தம். அடைப்பு இருக்கும்போது விசிறி தள்ளவேண்டிய காற்று குறைவதால் சுமையும் குறைந்து, மோட்டார் வேகமாகச் சுழன்று கீச்சென்ற உயர்ந்த ஒலி எழுப்பும். ஹோஸில் கீறல் விழுந்தோ, கைப்பிடியில் உள்ள காற்றுத் திறப்பு திறந்திருந்தோ இழுவை குறைந்தால் சத்தம் அப்படி உயராது. எங்கள் இயந்திரம் கீச்சிட்டது. எனவே தேடவேண்டியது ஓட்டையை அல்ல, அடைப்பை என்பது தெளிவாயிற்று.

எதையும் கழற்றிச் சுத்தம் செய்யத் தொடங்குமுன், காற்று செல்லும் பாதையை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஹோஸை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு, அது பொருந்தும் வாயை உள்ளங்கையால் மூடிப் பார்க்கவேண்டும். அங்கே பலமாக இழுத்தால் பையும் ஃபில்டரும் நலமாக இருக்கின்றன, குறை ஹோஸிலோ குழாயிலோ இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு அங்கேயே இழுவை மிகவும் தளர்ந்திருந்தது.

பட்டித் தூள் மிக நுண்ணியது என்பதால், பையின் அடியில் குவியாமல் துணியின் உட்பக்கம் முழுவதும் மாவு பூசியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தடியில் வைத்து எவ்வளவு தட்டியும் இழைகளுக்குள் புகுந்த தூள் முழுமையாக வெளிவரவில்லை. அந்தப் பையை ஒதுக்கிவிட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் புதிய பையைப் பொருத்தினேன். பைக்குப் பின்னால் மோட்டாரைக் காக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வெளுத்துப்போயிருந்தது. அதைத் தண்ணீரில் அலசி, பிழிந்து முறுக்காமல், ஒரு முழுநாள் நிழலில் உலர்த்தினேன். ஈரத்தோடு பொருத்தினால் தூசி சேறாகி ஒட்டும். ஈரம் மோட்டாருக்கும் போகும். காற்று வெளியேறும் பக்கத்தில் இருக்கும் மடிப்பு மடிப்பான ஃபில்டர் வேறு வகை. கழுவலாம் என்று கையேடு சொன்னாலொழிய அதில் தண்ணீர் படக்கூடாது.

இதன்பின் இயந்திரத்தின் வாயில் இழுவை பழையபடி திரும்பியது. ஆனால் ஹோஸை மாட்டி அதன் நுனியில் கைவைத்தபோது மறுபடியும் தளர்வு, மறுபடியும் கீச்சொலி. பை அடைந்திருந்தவரை இந்த இரண்டாவது அடைப்பு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. ஹோஸை முழுவதும் கழற்றித் தூக்கிப் பிடித்து, ஒரு கோலிக்குண்டை உள்ளே போட்டேன். அது மறுமுனைக்கு வராமல் கைப்பிடியின் வளைவுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கு ஒன்று அங்கே குறுக்காக மாட்டிக்கொள்ள, அதைச் சுற்றித் தலைமுடியும் நூலும் சேர்ந்து ஒரு பந்தாகியிருந்தன. இப்படிப்பட்ட அடைப்பைக் கம்பியால் குத்துவது ஆபத்தானது. ஹோஸின் மெல்லிய சுவர் எளிதில் கிழியும், பிறகு அடைப்போடு ஓட்டையும் சேர்ந்துகொள்ளும். ஹோஸைத் திருப்பி, கைப்பிடிப் பக்கத்தை இயந்திரத்தின் வாயில் இடைவெளியின்றி அழுத்திப் பிடித்து, நடுநடுவே ஹோஸை இழுத்து நீட்டித் தளர்த்தியபோது, வந்த வழியே அந்தப் பந்து நகர்ந்து கோலிக்குண்டோடு பைக்குள் விழுந்தது.

துணிப்பையைப் பொறுத்தவரை, வழக்கமான வீட்டுத் தூசிக்கு அது போதும். பட்டித் தூள், சிமென்ட், சாம்பல், கோலமாவு ஆகியவற்றுக்கு அது ஏற்றதல்ல. அவற்றை முதலில் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே இப்போது எங்கள் வழக்கம். சோதனைக்காகக்கூடப் பையின்றி இயந்திரத்தை ஓட்டக்கூடாது. புதிய பையும் உலர்ந்த ஃபில்டரும் இருந்தும் இயந்திரத்தின் வாயில் இழுவை வரவில்லையென்றால், மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் சரியாகப் படிந்திருக்கிறதா என்றும், காற்று வெளியேறும் ஃபில்டர் கறுத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். அவையும் சரியாக இருந்தால், அடுத்து மோட்டாரைத்தான் சந்தேகிக்கவேண்டும். அது பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டிய வேலை.