முகநூலில் என் கணக்கும் நிறுவனப் பக்கமும்: நான்கு ஆண்டு அனுபவம்

கிளிநொச்சியில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் பொதி செய்து விற்கும், ஐந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. அதன் முகநூல் பக்கத்தையும் என் சொந்தக் கணக்கையும் நான்கு ஆண்டுகளாக ஒருசேர நடத்தி வருகிறேன்.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் என் கணக்கிலேயே பதிவிட்டேன். பிளந்த பனங்கிழங்கைப் பாயில் பரப்பி அம்மா காயவைக்கும் படத்திற்கு என் கணக்கில் இருநூறு பேர் விருப்பமிட்டார்கள். அதே படம் பக்கத்தில் பதினொன்றோடு நின்றது. வன்னியில் பொருளை வாங்குவதற்கு முன் ஆளை யார் என்று கேட்பது வழக்கம் என்பதால் இது எனக்கு வியப்பளிக்கவில்லை.

சிக்கல் உள்பெட்டியில் தொடங்கியது. ஒரு தைப்பொங்கல் வாரத்தில், புதுக்குடியிருப்பில் இருக்கும் தன் தாயாருக்கு இரண்டு கிலோ ஒடியல் மா அனுப்பும்படி கனடாவிலிருந்து ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அந்தச் செய்தி பொங்கல் வாழ்த்துகளுக்குள் புதைந்துவிட்டது. பக்கத்திற்கு வந்திருந்தால், அதன் உள்பெட்டியைப் பார்க்கும் எங்கள் தங்கச்சி அன்றே பொதியைக் கட்டியிருப்பார். என் கணக்கை அவரால் திறக்க இயலாது. பொதி பொங்கல் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தது. விளம்பரத்தையும் பக்கத்தின் பெயரிலேயே செய்கிறோம்; சொந்தக் கணக்கிலோ நண்பர் எண்ணிக்கை 5,000 உடன் நின்றுவிடும்.

ஆனால் முழுமையாகப் பிரிக்கவும் இயலாது, ஏனெனில் பக்கத்தை நிர்வகிப்பவர் தம் சொந்தக் கணக்கின் வழியாகவே உள்ளே நுழைகிறார். என் தொலைபேசி தொலைந்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பில் நான் சிக்கிக்கொண்டபோது, பக்கத்தின் முழு அதிகாரமும் என்னிடம் மட்டுமே இருந்ததால் ஒன்பது நாள் விலையைக்கூட எங்களால் மாற்ற முடியவில்லை. இது முழுக்க என் கவனக்குறைவு. இப்போது முழு அதிகாரம் இருவரிடம் இருக்கிறது. மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறோம்.

பிரிப்பதில் நான் மிகவும் யோசித்தது மே மாதத்தைப் பற்றி. மே 18 அன்று என் கணக்கில் விளக்கின் படத்தை இடுவேன். அது என் வீட்டுத் துயரம். அதை எங்கள் பொதிகளின் பெயர் தாங்கிய பக்கத்தில் இட்டால், துயரத்தைக் காட்டி மா விற்பதாகிவிடும் என்று நினைக்கிறேன். எனவே அன்று பக்கத்தில் எதையும் பதிவிடுவதில்லை, விளம்பரத்தையும் நிறுத்திவிடுகிறோம்.

இன்று வேலைத்தளமும் மனிதர்களும் என் கணக்கில். விலை, இருப்பு, முறைப்பாடு ஆகியவை பக்கத்தில். கடந்த ஆண்டு காய்ச்சலால் இரண்டு வாரம் நான் எதையும் எழுதாதபோது பக்கத்திற்கு வந்த ஓடர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நிறுவனம் இன்னும் என் முகத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் ஐயா, "தம்பி, பக்கத்தில ஆரோ பிள்ளை கதைக்குது, நீர் எங்க?" என்று கேட்டார். அதன் பிறகு பக்கத்தின் ஒவ்வொரு பதிலின் கீழும் எழுதியவரின் பெயரை இடுகிறோம்.