சுடரின் நுனி எங்கே போனது? கிம்பின் Color to Alpha-வோடு சில வருட அனுபவம்

அச்சு வேலைக்கு லோகோ தருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைப் பின்னணியோடுதான் தருவார்கள். அந்த வெள்ளையை எடுக்க, கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளின் 2.8 பதிப்புக் காலத்திலிருந்து, ஒரு நிறத்தை ஊடுருவித் தெரியும்படி ஆக்கும் கருவியான, Colors மெனுவில் உள்ள Color to Alpha-வைத்தான் பயன்படுத்துகிறேன். ஒற்றை நிற லோகோவுக்கு அதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது. ஓரத்தில் வெள்ளைக் கோடே நிற்காது. நிறம் மெல்ல மாறும் லோகோ வந்தால்தான் கவனம் வேண்டும்.

ஒரு இனிப்புக் கடைக்குச் செய்த பெட்டியைச் சொல்கிறேன். லோகோ ஒரு தீபச்சுடர். அடியில் ஆரஞ்சு, மேலே போகப்போக வெளுத்து, நுனியில் கிரீம் நிறம். பெட்டி அரக்கு நிறம். வெள்ளையை எடுத்தேன், திரையில் அருமையாகத் தெரிந்தது. அடியில் அரக்கு நிற லேயரைப் போட்டதும் சுடரின் மேல்பாதி மங்கிப் பழுப்பாகி, நுனி கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது.

காரணம் அந்தக் கருவியின் கணக்கில் இருக்கிறது. அது வெள்ளைப் புள்ளிகளை மட்டும் தேடி அழிப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் வெள்ளை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பங்கைப் பிரித்தெடுத்துவிடுகிறது. சுடரின் நடுவில் ஒரு புள்ளி சிவப்பு 255, பச்சை 200, நீலம் 100 என்று இருந்தது. வெள்ளையில் மூன்றுமே 255. வெள்ளையிலிருந்து அதிகம் விலகியது நீலம், 155 அளவு. 155-ஐ 255-ஆல் வகுத்தால் 0.61. ஆகவே அந்தப் புள்ளி 61 சதவீதம் மட்டுமே திடமாக நின்றது, அதன் நிறமும் 255, 165, 0 என்று அடர்ந்துவிட்டது. வெள்ளைத் தாளில் வைத்தால் பழைய நிறம் திரும்பும். அரக்கின் மேல் வைத்தால் மீதி 39 சதவீதத்தில் அரக்கு எட்டிப் பார்க்கும். நுனியின் கிரீம் 255, 240, 210. அதற்குக் கிடைத்தது வெறும் 18 சதவீதம்.

சரி, உள்ளே இருக்கும் நிறத்தைத் தொடாமல் ஓரத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதுமே என்று தோன்றியது. Fuzzy Select கருவியால் வெளி வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, Select மெனுவில் Grow போய் 2 பிக்சல் விரித்தேன். இப்போது தேர்வுக்குள் வெளி வெள்ளையும் சுடரின் விளிம்பும் மட்டும்தான். அதன்பின் Color to Alpha போட்டால் உள்பகுதி அப்படியே நிற்கும். அடிப்பக்கம் இதிலேயே சரியாகிவிட்டது. நுனியில் மட்டும் விளிம்பு தேய்ந்து, சுடர் ஒரு சுற்று இளைத்தது போல் இருந்தது.

அங்கேதான் Opacity threshold-இன் அருமை புரிந்தது. 2.8-இல் இது கிடையாது, 2.10 வரிசையில் வந்தது. எடுக்கும் நிறத்திலிருந்து எவ்வளவு விலகிய புள்ளியை முழுத் திடமாகக் கொள்ளலாம் என்று இதில் சொல்கிறோம். வழக்கமான அளவு 1. கிரீம் வெள்ளையிலிருந்து 45 விலகியிருக்கிறது, அதாவது சுமார் 0.18. அந்த எண்ணையே கொடுத்தால் கிரீம் திடமாக நிற்கும், கிரீமும் வெள்ளையும் பாதிப் பாதி கலந்த விளிம்புப் புள்ளி 50 சதவீதம் ஆகும், அதன் நிறமும் கிரீமுக்கே திரும்பும். ஆனால் இதே 0.18-ஐ ஆரஞ்சு அடிப்பக்கத்துக்குக் கொடுத்தால் வெள்ளை கலந்த புள்ளிகள் திடமாகவே தங்கி, அரக்கின் மேல் வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும். அதனால் தேர்வை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். அடிப்பாதிக்கு 1, நுனிக்கு 0.18. எண்ணைக் குத்துமதிப்பாக வைப்பதில்லை. ஓரத்தை ஒட்டி உட்பக்கம் உள்ள நிறத்தை Color Picker-ஆல் தொட்டுப் பார்த்துக் கணக்கிட்டால் ஒரு நிமிட வேலை.

லோகோ ஜேபெக்காக வந்தால், எடுக்கும் நிறத்துக்கு எவ்வளவு நெருங்கிய புள்ளியை முழுக்க எடுத்துவிடலாம் என்று சொல்லும் Transparency threshold-ஐயும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். அந்த வெள்ளை 255 இல்லாமல் 252, 253 என்று அலையும். அடர்ந்த பின்னணியில் அது லேசான தூசிபோல் தெரியும். 0.02 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். எழுத்துகளைச் சுற்றியுள்ள கட்டம் கட்டமான அழுக்குக்கு இது போதாது, அதற்கு நல்ல கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

2025-இல் வந்த கிம்ப் 3.0-இல் எனக்குப் பிடித்தது, லேயரின் fx குறியைத் தொட்டு இந்த அளவுகளை அப்புறமும் மாற்ற முடிவதுதான்.

விளிம்பே இல்லாமல் வெள்ளையில் கரைந்துபோகும் ஒளிவட்டத்துக்கு மட்டும் மேலே சொன்ன முறை ஒத்துவராது. எங்கே முடிகிறது என்று Fuzzy Select-ஆல் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பகுதியைத் தனியாகத் தேர்ந்தெடுத்து வழக்கமான அளவிலேயே விட்டுவிடுகிறேன். அங்கே நிறம் பாதி ஊடுருவித் தெரிவதுதான் சரி. அரக்குப் பெட்டியின் மேல் அது நிஜ வெளிச்சம் போலவே படர்கிறது.