கார்ட்டூன் முகத்துக்கு ஷேப் கீ: இமைக்கு ஒண்ணா ரெண்டா, வாய்க்கு முழுசா துண்டா

உருண்டைத் தலை, பெரிய கண்ணு, மூக்குன்னு சொல்லிக்க ஒரு பட்டன் சைஸ்ல ஏதோ ஒண்ணு, இப்படி ஒரு குட்டிப் பொண்ணு கேரக்டர் பிளெண்டர்ல செஞ்சு அது தமிழ்ல 40 செகண்ட் பேசணும். முகத்த ரெண்டு தடவ ரிக் பண்ணேன், முதல் தடவ பண்ணது மொத்தமும் குப்பைக்கு போச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எது எங்க உதைக்குதுன்னு சொல்றேன்.

முதல்ல கண்ணு. எல்லாரும் பண்றதுதான் நானும் பண்ணேன், Blink னு ஒரே ஒரு ஷேப் கீ, மேல் இமைய இழுத்து கீழ் இமையோட சேத்தாச்சு, ஸ்லைடர 0லயும் 1லயும் பாத்தா சூப்பர். 0.5ல வெச்சா இமைக்குள்ளேர்ந்து வெள்ளை முழி எட்டிப் பாக்குது. காரணம் ரொம்ப சிம்பிள், ஷேப் கீங்கறது ஒவ்வொரு புள்ளியையும் ஆரம்ப இடத்துலேர்ந்து முடியற இடத்துக்கு நேர்கோட்டுல தள்ளும், இமை போக வேண்டியதோ முழி மேல வளைஞ்சு. முழியோட ஆரம் 5 செமீ, இமை விளிம்பு மையத்துலேர்ந்து 5.4 செமீ தள்ளி இருக்குன்னு வெச்சுக்கங்க. இமை மொத்தம் 80 டிகிரி சுத்தி இறங்கணும். நேர்கோட்டுல போனா நடுவழியில அது மையத்துலேர்ந்து 5.4 × cos 40°, அதாவது 4.14 செமீ தூரத்துல இருக்கும். முழியே 5 செமீ, அப்போ இமை கிட்டத்தட்ட 9 மிமீ உள்ள போயிருச்சு. இமைய தடிமனாக்கி இத மறைக்கலாம்னு பாத்தா வீங்கின கண்ணு மாதிரி ஆயிடும், நான் ட்ரை பண்ணிட்டேன்.

ரெண்டாவது வழி, பாதி மூடினதுக்கு தனி கீ, முழுசா மூடினதுக்கு தனி கீ. கர்சர முழியோட நடு மையத்துல வெச்சு, அதையே பிவட்டாக்கி, இமை விளிம்ப 40 டிகிரி சுத்தினா பாதி கீ, 80 சுத்தினா முழு கீ. இப்ப ஒவ்வொரு கட்டமும் 40 டிகிரிதான், அதோட நடுவுல தூரம் 5.4 × cos 20°, சுமார் 5.07 செமீ. முழிய தொடாம தாண்டிருது, இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மிதான், ஆனா தாண்டிருது. ரெண்டு கீயையும் ஒரே கண்ட்ரோல்ல ஓட்ட இந்த ரெண்டு டிரைவர் வரி போதும், b ங்கறது 0லேர்ந்து 1 வரைக்கும் போற சிமிட்டல் அளவு:

```
Blink_Half.L   1 - abs(2*b - 1)
Blink_Full.L   max(0, 2*b - 1)
```

b 0.5 வரும்போது பாதி கீ முழுசா ஆன், முழு கீ சுத்தமா ஆஃப். அதுக்கு மேல போகப் போக பாதி இறங்கும், முழுசு ஏறும்.

மூணாவது வழி இமைக்கு போன் போடறது (கைல வெச்சுப் பேசற போன் இல்லீங்க, ரிக்ல இருக்க எலும்பு). எலும்போட வேர் முழி மையத்துல இருந்தா அது தானா வளைஞ்சுதான் போகும், கீயே வேணாம். முழி சரியான உருண்டையா இருக்கற வரைக்கும் இதுதான் இருக்கறதுலயே சுத்தமான வழி, ஆனா கார்ட்டூன்ல பாதிப் பேரு கண்ண நீட்டி முட்ட ஷேப்ல வெப்போம், அங்க எலும்பு வட்டமாதான் சுத்தும், முழி வட்டமா இல்ல, அப்புறம் ஒரு பக்கம் குத்தும் இன்னொரு பக்கம் இடைவெளி விழும். முட்டைக் கண்ணுக்கு ரெண்டு கீ, உருண்டைக் கண்ணுக்கு எலும்பு, என் சாய்ஸ் இதான்.

ஒண்ணு நேர்மையா சொல்லணும், வெறும் சிமிட்டல் மட்டும்தான்னா ஒரே கீ போதும். செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல ரெண்டு ஃப்ரேம்ல மூடி, ஒரு ஃப்ரேம் மூடி வெச்சு, மூணு நாலு ஃப்ரேம்ல தொறக்கறோம், நடுவுல ஒரு ஃப்ரேம் முழி குத்துனா யாருக்கும் தெரியாது. தூக்கம், சந்தேகம், "ஓஹோ அப்படியா" பார்வை இதெல்லாம் வரும்போதுதான் இமை 0.4லயோ 0.5லயோ முப்பது ஃப்ரேம் அப்படியே நிக்கும், அங்க மாட்டிப்பீங்க. செக் பண்ணும்போது 0.25, 0.5, 0.75 மூணுலயும் நிறுத்தி, நேரா பாக்காம பக்கவாட்டுல பாருங்க.

இடது வலது பிரிக்கறது சின்ன வேலை, ரெண்டு கண்ணும் சேந்த மாதிரி கீ செஞ்சுட்டு அத காப்பி எடுத்து, கீயோட Vertex Group பெட்டியில ஒண்ணுக்கு இடது பாதி, ஒண்ணுக்கு வலது பாதின்னு குரூப் போட்டா முடிஞ்சுது. வாய்க்கும் இதே ட்ரிக்தான், ஆனா உதட்டு நடுவுல வெயிட் ரெண்டு பக்கமும் 0.5 இருக்கணும், இல்லன்னா நடுவுல ஒரு படி விழும்.

இனி வாய், சண்டையே இங்கதான்.

முதல் கட்சி முழு வடிவம். ஆ வுக்கு ஒரு வாய், ஈ க்கு ஒண்ணு, ஓ, ஊ, ம-ப வுக்கு ஒண்ணு, வ-ஃப வுக்கு ஒண்ணு, ல வுக்கு ஒண்ணு, ஓய்வு நிலை ஒண்ணுன்னு எட்டு ஒம்போது கீ. செய்யறது ஈஸி, அனிமேஷனும் ஈஸி. Rhubarb Lip Sync மாதிரி டூல் ஆடியோவ வாங்கிட்டு A லேர்ந்து H வரைக்கும், அப்புறம் சும்மா இருக்கும்போது X, இப்படி ஒவ்வொரு வாய் வடிவத்துக்கும் ஒரு எழுத்தா நேரத்தோட தரும், அத அப்படியே கீல மாட்டிக்கலாம். தமிழ் ஆடியோன்னா அதுல ஒரு விஷயம் முக்கியம், டிஃபால்ட்டா வர்ற ரெகக்னைசர் இங்கிலீஷ் பேச்சுக்கு செஞ்சது, அதுகிட்ட தமிழ குடுத்தா கண்டபடி வாய தொறக்கும். சத்தத்த மட்டும் வெச்சு பாக்கற மோட ஆன் பண்ணணும்:

```
rhubarb -r phonetic -f json -o vasanam.json vasanam.wav
```

இதோட கஷ்டம் எங்கன்னா, முகத்துல உணர்ச்சி சேரும்போது. பொண்ணு சிரிச்சுகிட்டே "ஓ" ங்கறா. சிரிப்புக் கீ வாயோரத்த வெளிய இழுக்குது, ஓ கீ உள்ள இழுக்குது, ஷேப் கீக்கு இதெல்லாம் புரியாது, ரெண்டு நகர்வையும் கூட்டி வெச்சுரும். வர்றது சிரிப்பும் இல்ல ஓ வும் இல்ல. அதே மாதிரி ஆ வும் ஓ வும் ஒரே நேரத்துல 1ல இருந்தா கீழ் உதடு ரெண்டு மடங்கு எறங்கும், அதனால ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு எறங்கி கூட்டினா 1 தாண்டாம பாத்துக்கணும். என் முதல் ரிக் போனது இப்படித்தான், வசனத்துல பாதி அவ சிரிச்சுகிட்டேதான் பேசறா.

ரெண்டாவது கட்சி துண்டு துண்டா செய்யறது. தாடைக்கு ஒரு எலும்பு, உதட்டுக்கு மட்டும் கீ: அகலம், குவிப்பு, கீழ் உதட்ட மேல்பல்லுக்கு கொண்டு போறது, மேல் உதடு தூக்கறது, சிரிப்பு சோகம் இடது வலதா. ஆ ன்னா தாடை மட்டும், ஈ ன்னா கொஞ்சம் தாடை கூட அகலம், ஊ ன்னா குவிப்பு. சிரிச்சுகிட்டே ஓ வேணும்னா சிரிப்ப 0.5க்கு எறக்கிட்டு குவிப்ப ஏத்தினா போதும், முகம் உடையாது.

இதுல எல்லாரும் மறக்கற ஒரு கீ இருக்கு, உதடு ஒட்டற கீ. தாடை எறங்கி இருக்கும்போதே உதடு மூடணும்னா, நார்மல் நிலையில மூடின வாய்க்கு கீ செஞ்சு பிரயோஜனம் இல்ல, அங்க வாய் ஏற்கனவே மூடித்தான இருக்கு, கீல நகர்வே இருக்காது. தாடைய 20 டிகிரி தொறந்து வெச்சுட்டு, அந்த நிலையில உதடுகள ஒட்டற மாதிரி இழுத்து செய்யணும். ஆப்பிளோட ARKit லிஸ்ட்ல இருக்க 52 வடிவத்துல jawOpen னு ஒண்ணு, mouthClose னு தனியா இன்னொண்ணு இருக்கறது இதுக்குத்தான். இந்த கீ தாடை எவ்ளோ தொறந்திருக்கோ அவ்ளோதான் வேலை செய்யணும், இல்லன்னா மூடின வாய்ல கீழ் உதடு மேல் உதட்டுக்குள்ள புகுந்துரும். seal ங்கறது 0லேர்ந்து 1 வரைக்கும் போற ஒட்டு கண்ட்ரோல், jaw ங்கறது தாடை எலும்போட சுத்தல்:

```
LipSeal   seal * min(1, max(0, jaw / 0.35))
```

0.35 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, டிரைவர் எலும்போட சுத்தல டிகிரில படிக்காது, ரேடியன்ல படிக்கும், 20 டிகிரிங்கறது சுமார் 0.35. இங்க 20ன்னு போட்டுட்டு ஏன் எதுவும் அசையலன்னு ஒரு சாயங்காலம் பூரா முழிச்சிருக்கேன். எலும்பு எதிர்ப் பக்கம் சுத்தினா தொறக்குதுன்னா jaw முன்னாடி ஒரு மைனஸ் போடணும்.

தமிழுக்கு இந்த கீ ஏன் அவ்ளோ முக்கியம்னா, "அம்மா" ன்னு சொல்லிப் பாருங்க, கண்ணாடி முன்னாடி. அந்த ம்ம ல உதடு தொட்டுட்டு ஓடிர்றதில்ல, ஒட்டி நிக்குது. அவ வசனத்துல "அம்மா" 12 ஃப்ரேம் வந்துச்சு. 1வது ஃப்ரேம்ல தாடை பாதி, 4லேர்ந்து 7 வரைக்கும் ஒட்டு கண்ட்ரோல் seal 1ல, தாடைய நான் முழுசா மூடவே இல்ல, 8 டிகிரில விட்டேன், 9ல தாடை 18 டிகிரி, அங்கேயே நிப்பாட்டு. seal 1ல இருந்தாலும் 8 டிகிரிக்கு டிரைவர் தர்றது 0.4தான், உதடு ஒட்டறதுக்கு அது சரியா போதும். தாடை மெதுவா போகுது, உதடு மட்டும் டக்குனு ஒட்டுது, அப்பதான் அது பேசற மாதிரி இருக்கு. டூல் குடுத்தத பாத்தா மூடின வாய் ரெண்டு ஃப்ரேம்தான், பாக்கறதுக்கு "அமா" ன்னு இருந்துச்சு. அப்பா, தம்பி, கப்பல், எல்லாத்துக்கும் இதே கதை. "வா" வுக்கு ஃப வாய முழுசா போடாதீங்க, நம்ம வ ல பல்லு உதட்ட லேசா உரசுது அவ்ளோதான், 0.4 போதும்.

அப்போ எத எடுக்கறது? சிரிப்பும் கோவமும் இல்லாம வசனம் ஒப்பிக்கற கேரக்டர், இல்ல வாரத்துக்கு ஒரு எபிசோடு தள்ளணும்னா முழு வடிவம்தான், யோசிக்காதீங்க. முகம் நடிக்கணும்னா துண்டு. செய்ய ரெண்டு மடங்கு நேரம் ஆகும், பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியா ஓட்டறது எப்படி. ஷேப் கீ ஸ்லைடர்லயே நேரா கீஃப்ரேம் வெக்கலாம், ஒரு ஷாட்டுன்னா அதுவே போதும். ஆனா உடம்பு அசைவு ஆர்மேச்சர்ல, முக அசைவு மெஷ்ல, ரெண்டும் தனித்தனியா கெடக்கும், அசைவ பத்து ஃப்ரேம் தள்ளணும்னா ஒண்ண தள்ளிட்டு இன்னொண்ண மறந்துருவீங்க. அதனால முகத்துக்குப் பக்கத்துல குட்டிக் குட்டி கண்ட்ரோல் எலும்பு வெச்சு டிரைவர் போடறதுதான் எனக்கு புடிச்சது. ஒரு எலும்பு மேல கீழ போனா தாடை, இடது வலது போனா குவிப்பு-அகலம், ஒரே கைல வாய் மொத்தமும். 10 செமீ நகந்தா 1ன்னு வெச்சுக்கிட்டு டிரைவர்ல 10ஆல பெருக்கினேன், எல்லை தாண்டாம இருக்க Limit Location போட்டு அதுலயும் லோக்கல் ஸ்பேஸ்.

அந்த லோக்கல் ஸ்பேஸ்தான் விஷயமே. டிரைவர்ல Transform Channel வேரியபிள் சேத்தா அது World Space லதான் ஆரம்பிக்கும். நின்ன எடத்துல டெஸ்ட் பண்ணா எல்லாம் கரெக்டா இருக்கற மாதிரியே இருக்கும். அப்புறம் பொண்ணு நாலு அடி நடந்தா, நடக்க நடக்க கண்ணு தானா மூடிக்கிட்டு வாய் தொறந்துக்கும். நான் சிரிச்சுட்டு, அப்புறம் இருபத்தி மூணு டிரைவரையும் ஒவ்வொண்ணா தொறந்து Local Space னு மாத்தினேன். இப்பல்லாம் டிரைவர் போட்ட கையோட ரூட் எலும்ப புடிச்சு ரெண்டு மீட்டர் தள்ளி, 90 டிகிரி திருப்பிப் பாத்துருவேன், முகம் அசையலன்னா அடுத்த வேலை.