கடையை மூடும்போது ஜிஎஸ்டி: நாமே ரத்து செய்வதா, அதிகாரி ரத்து செய்யட்டும் என விடுவதா, நில் ரிட்டர்ன் போட்டு ஓட்டுவதா?

கடையை மூடுவது என்று முடிவெடுத்தவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பதிவை நாமே விண்ணப்பித்து ரத்து செய்யலாம். ரிட்டர்ன் போடுவதை நிறுத்திவிட்டு, அதிகாரியே ரத்து செய்யட்டும் என்று விடலாம். பதிவை வைத்துக்கொண்டு மாதாமாதம் நில் ரிட்டர்ன் போடலாம். மகனுக்கோ வெளியாளுக்கோ கடையை அப்படியே கைமாற்றலாம். இவற்றில் செலவே இல்லாததுபோலத் தெரியும் இரண்டாவது வழிதான் கடைசியில் அதிகம் செலவு வைக்கிறது. ஆனாலும் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். இது தமிழ்நாட்டில் ஒருவரே உரிமையாளராக நடத்தும், வழக்கமான முறையில் வரி கட்டும் சிறு கடைகளுக்கான ஒப்பீடு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இறுதி ரிட்டர்ன் கிடையாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சும்மா விட்டுவிட்டால் என்ன நடக்கும்

மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் தொடர்ந்து ஆறு மாதம் போடாவிட்டால் பதிவை ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. காலாண்டு முறையில் இருப்பவருக்கு இரண்டு காலாண்டு போதும். முதலில் `REG-17` நோட்டீஸ் வரும். ஏழு வேலை நாளுக்குள் பதில் இல்லையென்றால் `REG-19` உத்தரவு வரும். "ரத்தாகிவிட்டது, வேலை முடிந்தது" என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் ரத்து உத்தரவு எந்தப் பாக்கியையும் தீர்ப்பதில்லை. சட்டத்தின் 29(3) பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது: ரத்துக்கு முந்தைய காலத்துக்கான வரியும் பொறுப்பும் அப்படியே தொடரும்.

போடாமல் விட்ட ஒவ்வொரு `GSTR-3B`-க்கும் தாமதக் கட்டணம் ஏறும். நில் என்றால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500. ஆறு மாதத்துக்கு 3,000 ரூபாய்தானே என்று தோன்றும். சிக்கல் இந்தத் தொகையில் இல்லை. ரிட்டர்ன் வராதபோது அதிகாரி தன் கணிப்பில் வரி நிர்ணயித்து `ASMT-13` உத்தரவு போடலாம். பழைய விற்பனையை வைத்துப் போடுவதால், மூடிக் கிடந்த மாதங்களுக்கும் ஓடிய கடைக்கான வரி விழும். உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் அந்த ரிட்டர்னைப் போட்டுவிட்டால் அது தானாக விலகிவிடும். ஆனால் அந்த உத்தரவு போய்ச் சேர்வது, கடை திறந்தபோது கொடுத்த மின்னஞ்சலுக்கு. பெரும்பாலும் அது ஆடிட்டர் அலுவலகத்தின் மின்னஞ்சலாக இருக்கும். அவருக்குக் கட்டணம் கொடுப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருக்கும். வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே கடைக்காரருக்கு விஷயம் தெரியவரும்.

இன்னொன்று, பிறகு வேறு தொழில் தொடங்கும்போது வரும் தடை. பதிவு எண் பான் அட்டையோடு கட்டுண்டது. ரிட்டர்ன் போடாததால் ரத்தான பழைய பதிவு அதே மாநிலத்தில் இருந்தால், புது விண்ணப்பத்தை நிராகரிக்க அதிகாரிகளுக்கு 2019 முதல் அறிவுறுத்தல் உண்டு. பழையதை உயிர்ப்பிக்க உத்தரவு வந்த 90 நாளுக்குள் `REG-21` போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 180 நாள் வரை நீட்டிப்புக் கேட்கலாம். அதற்கும் எல்லா நிலுவை ரிட்டர்னும் போட்டிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் பழைய ரிட்டர்னைப் போர்ட்டலே இப்போது ஏற்பதில்லை என்பதால், தள்ளிப்போட்டால் சரிசெய்யும் கதவே அடைபடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இறுதி ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். அதிகாரி ரத்து செய்தாலும் அதிலிருந்து விலக்கு இல்லை.

நாமே ரத்து செய்வது

போர்ட்டலில் `Services > Registration > Application for Cancellation of Registration` வழியாக `REG-16` போட வேண்டும். தொழில் நின்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் என்பது விதி. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தோ, ரத்து கேட்ட தேதியிலிருந்தோ, இரண்டில் எது பிந்தியதோ அன்றிலிருந்து பதிவு நிறுத்திவைக்கப்படும். அதற்குப் பிறகு மாத ரிட்டர்ன் தேவையில்லை. அதற்கு முன்பு வரைக்குமான எல்லா ரிட்டர்னும் கட்டாயம். ரத்துத் தேதியைக் கடைசி பில் தேதிக்கு முன்னால் குறித்துவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காக விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று துறையின் 2018 சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே முழுப் பணமும் கையில் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பணக்கணக்கு உண்மையில் சரக்கில் இருக்கிறது. ரத்துக்கு முந்தைய நாள் கையிருப்பில் உள்ள சரக்குக்கு, வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரி அல்லது அந்தச் சரக்குக்கு இப்போது விழும் விற்பனை வரி, இரண்டில் அதிகமானதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இயந்திரத்துக்கு ஐந்து வருடம், அதாவது 60 மாத ஆயுள் எனக் கொண்டு, மீதமுள்ள முழு மாதங்களுக்கான வரி கணக்கிடப்படும்.

ஈரோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை என்று வைத்துக்கொள்வோம். வயர், சுவிட்ச் எல்லாம் 18 சதவீதம். வாங்கிய விலையில் 2,00,000 ரூபாய்க்குச் சரக்கு தங்கியிருக்கிறது. எடுத்த உள்ளீட்டு வரி 36,000. இன்றைய சந்தை மதிப்பு 1,70,000 என்றால் அதற்கான வரி 30,600. அதிகமானது 36,000, அதுவே கட்ட வேண்டிய தொகை. காயில் சுற்றும் இயந்திரம் ஒன்று 60,000-க்கு வாங்கியது, வரி 10,800. மூன்று வருடம் நான்கு மாதம் பத்து நாள் ஓடியிருக்கிறது. உதிரி நாட்களை விட்டால் மீதம் 19 மாதம். 10,800-ஐ 60-ஆல் வகுத்து 19-ஆல் பெருக்கினால் 3,420. இன்று விற்றால் 15,000 போகும், அதற்கு வரி 2,700 என்பதால் 3,420-தான் எடுபடும். மொத்தம் 39,420. கிரெடிட் லெட்ஜரில் 9,000 இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மீதி 30,420 கைக்காசு.

இதே கடைக்காரர் பதிவு உயிரோடு இருக்கும்போதே அந்தச் சரக்கை வேறொரு பதிவுபெற்ற கடைக்கு 1,50,000-க்கு மொத்தமாகத் தள்ளிவிட்டால் கணக்கே மாறிவிடும். பில்லில் 27,000 வரி போட்டு வாங்குபவரிடம் வசூலிக்கிறார். வாங்குபவர் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வதால் அவருக்கும் மனத்தாங்கல் இல்லை. இயந்திரம் வீட்டுக்குப் போகிறது, 3,420. இரண்டும் சேர்த்து 30,420, லெட்ஜரில் உள்ள 9,000 போக 21,420 கட்டினால் போதும். வாங்குபவரிடம் 27,000 வசூலாகிவிட்டதால் கைக்காசு ஒன்றும் போகவில்லை, 5,580 மிச்சமே நிற்கிறது. வாங்கிய விலைக்குக் கீழே விற்றாலும் 36,000-ஐத் திருப்பிக் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. உறவினர் கடைக்கு விற்கும்போது மட்டும் விலையைச் சந்தை மதிப்போடு ஒட்டி வையுங்கள். சரக்கை முதலில் காலி செய், பிறகு `REG-16` போடு என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கிரெடிட் லெட்ஜரில் மிஞ்சும் தொகையும் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. அதைக் கரைக்கவும் இதுவே வழி.

ரத்து உத்தரவு வந்த பிறகு `Services > Returns > Final Return` பக்கத்தில் `GSTR-10`. மூன்று மாத அவகாசத்தை, ரத்து அமலான தேதி, உத்தரவுத் தேதி இரண்டில் பிந்தியதிலிருந்து எண்ண வேண்டும். மார்ச் 31 முதல் ரத்து என்று ஏப்ரல் 22 அன்று உத்தரவு வந்தால் கடைசி நாள் ஜூலை 22. சரக்கே இல்லாவிட்டாலும் போட வேண்டும். தவறினால் மத்திய, மாநிலக் கணக்கு இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு 200 ரூபாய். ஐம்பது நாளில் அதிகபட்சமான 10,000-ஐத் தொட்டுவிடும். போட்டபின் திருத்த முடியாது. சரக்குக்கு வாங்கிய பில் இல்லையென்றால் சந்தை விலையில் மதிப்பிட்டு, பட்டயக் கணக்காளர் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று வைக்க வேண்டும்.

நில் ரிட்டர்ன் போட்டு ஓட்டுவது

ஒரு வருடத்துக்குள் மறுபடி திறக்கும் திட்டம் உறுதியாக இருந்தால் மட்டும் இது நல்ல வழி. சரக்கு வரி எதையும் இப்போது கட்ட வேண்டாம். `GSTR-3B`-யை 14409 எண்ணுக்கு `NIL 3B`, பதிவு எண், மாதம் என்று குறுஞ்செய்தி அனுப்பியே முடிக்கலாம். ஆனால் பதிவு செய்த முகவரி உயிரோடு இருக்க வேண்டும். வாடகைக் கடையைக் காலி செய்துவிட்டு முகவரியை மாற்றாமல் விட்டால், நேரில் ஆய்வுக்கு வருகிற அதிகாரி அங்கே வேறு கடையைப் பார்ப்பார். அதுவே ரத்துக்குக் காரணமாகும். முன்தேதியிட்டு ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்பதால், உங்களிடம் வாங்கியவர்களின் உள்ளீட்டு வரியும் கேள்விக்குள்ளாகும்.

கைமாற்றுவது

மகன் தொடரப்போகிறார் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அவர் தன் பெயரில் பதிவு எடுத்தபின், நீங்கள் `ITC-02` போட்டு லெட்ஜரில் உள்ள கிரெடிட்டை அவருக்கு மாற்றலாம். அவர் போர்ட்டலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். சரக்கு வரியைத் திருப்பிக் கட்டும் பேச்சே வராது. வரிசை முக்கியம்: `ITC-02` முதலில், ரத்து விண்ணப்பம் பிறகு. மாற்றிப் போட்டால் கிரெடிட் மாட்டிக்கொள்ளும். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுக்கும் இதே வரிசைதான். வெளியாளுக்கு விற்பதானால், கைமாறும் நாள் வரைக்கும் உள்ள வரிப் பாக்கிக்கு விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பொறுப்பு. வாங்குபவர் உங்கள் ரிட்டர்ன் எல்லாவற்றையும் பார்க்கக் கேட்டால் அது நியாயமே.

"பாக்கி இல்லை" என்பதற்கு எது சான்று

ஜிஎஸ்டியில் பதிவு ரத்தானவருக்குத் தனியே பாக்கியில்லாச் சான்றிதழ் தரும் வழக்கம் இல்லை. `REG-19`, `GSTR-10` ஒப்புகை, பாக்கி பூஜ்யம் என்று காட்டும் எலக்ட்ரானிக் லயபிலிட்டி ரிஜிஸ்டரின் பிரதி ஆகிய மூன்றையும் அச்செடுத்து, கணக்குப் புத்தகங்களோடு சேர்த்து வைத்திருங்கள். ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. உள்ளாட்சியில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை விழுவதால், செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31-க்குள் எழுத்தில் மூடுதலைத் தெரிவித்து, ரசீதோடு தொழில் உரிமத்தையும் ஒப்படையுங்கள். கேஷ் லெட்ஜரில் பணம் மீதமிருந்தால் `RFD-01` போட்டுத் திரும்பப் பெறலாம். அது பதிவில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும். அதனால் கரண்ட் அக்கவுன்டை எல்லாவற்றுக்கும் கடைசியாக மூடுங்கள்.